ப்ரொஃபைலில் எமோஜி: குணம் தெரியணும், குழப்பம் வரக்கூடாது. எப்படி?

செம்பருத்தி

டேட்டிங் செயலியில் என் ப்ரொஃபைலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் நிற்கிறேன், யோசனை வேண்டும். "என்னோடு பழகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது" என்ற ப்ராம்ப்டுக்கு இப்போது இருக்கும் பதில் இது:

> மெதுவாகத்தான் பதில் போடுவேன் 🙂 வீட்டுச் செடிகளோடு பேசுவேன் 🙃 கோபம் வந்தால் சமைப்பேன் 🔪🔥😈

தோழிகளிடம் காட்டினால் "அப்படியே நீதான்" என்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வருவது வேறு மாதிரி இருக்கிறது. ஒருவர் "பிஸி போலிருக்கிறது, தொந்தரவு செய்யவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் "செடி விஷயம் சும்மா சொன்னதுதானே?" என்று கேட்டார். அது சும்மா இல்லை, நிஜமாகவே பேசுவேன். மூன்றாமவர் ஒரு எழுத்துகூட இல்லாமல் "😈😏🔥" என்று மட்டும் அனுப்பினார். அதற்குமேல் அவரோடு பேசத் தோன்றவில்லை.

எமோஜியை எல்லாம் எடுத்துவிட்டால் வேலைக்கான விண்ணப்பம் மாதிரி ஆகிவிடுகிறது. என் இயல்பும் தெரியணும், எதிரில் இருப்பவர் தடுமாறவும் கூடாது. முதல் பதில் அனுப்பும்போதும் இதே குழப்பம்தான். எப்படிச் செய்கிறீர்கள்?

தூரத்து_மேகம்

மெதுவாகப் பதில் போடுவேன் என்று சொன்னதுதான் காரணம். யாருக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, மேட்ச் ஆனதும் சீக்கிரம் பதில் போடுங்கள், எல்லாம் சரியாகும்.

செம்பருத்தி

மேகம், என் கேள்வி வேகத்தைப் பற்றி இல்லை. நான் மெதுவாகப் பதில் போடுவது உண்மை, அது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அந்த உண்மையைச் சொன்ன விதம் ஏன் முறைப்பாகத் தெரிந்தது என்றுதான் கேட்கிறேன்.

பழுப்பு_நோட்டு

இதில் குழம்ப ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எமோஜிக்கும் யூனிகோடு அமைப்பு ஒரு எண்ணும் பெயரும் வைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்துப் போட்டால் தப்பே வராது. 🙂 என்பது லேசாகப் புன்னகைக்கும் முகம். அதில் முறைப்பு எங்கிருந்து வந்தது? எதிரில் இருப்பவர் தப்பாகப் படித்தால் அது அவர் பிரச்சினை.

இன்னொன்று. ஒவ்வொரு போன் கம்பெனியும் படத்தைத் தன் இஷ்டத்துக்கு வரைகிறது. உங்கள் போனில் சாந்தமாக இருக்கும் முகம் அவர் போனில் வேறு மாதிரி இருந்திருக்கும். குழப்பம் முழுக்க அதனால்தான்.

தாழ்வாரம்

செயலிகளுக்குள் வரும் சின்ன வாசகங்களை எழுதுவதும், அதைப் படிப்பவர்களுக்கு எப்படிப் புரிகிறது என்று பக்கத்தில் இருந்து பார்ப்பதும் என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழுப்பு நோட்டு சொன்னதில் பாதி சரி. எண்ணும் பெயரும் பொது, படம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு காலத்தில் அந்த வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. 2016ல் மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். 😁 என்ற ஒரே எமோஜி சில போன்களில் சந்தோஷமாகவும், ஆப்பிள் போனில் பல்லைக் கடிப்பது போலவும் தெரிந்த காலம் அது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது. எல்லோருக்கும் ஒரே படத்தைக் காட்டியபோதுகூட, அது நல்ல உணர்வா, கெட்ட உணர்வா, இரண்டும் இல்லையா என்பதில் நான்கில் ஒரு பங்கு நேரம் இருவருக்குள் ஒத்துப்போகவில்லை. அதன்பிறகு கம்பெனிகளின் படங்கள் பெருமளவு ஒன்றுபோல ஆகிவிட்டன. படிக்கிற மனம் அப்படி ஒன்றாகவில்லை. ஆகவே இன்றைய குழப்பத்தைப் போன்மேல் போட முடியாது, பெயர்ப் பட்டியலும் காப்பாற்றாது.

இப்போது செம்பருத்தியின் மூன்று வரிகள். மூன்றும் மூன்று வேறு விதத்தில் தடுமாறுகின்றன.

முதல் வரியில் 🙂 ஒரு நிபந்தனைக்குப் பின்னால் நிற்கிறது. "மெதுவாகத்தான் பதில் போடுவேன்" என்பது ஒரு எல்லைக்கோடு. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன, அசையாத புன்னகையை வைத்தால், குறிப்பாக இளையவர்கள் பலர் அதை "பிடித்தால் இரு, இல்லாவிட்டால் போ" என்று படிப்பார்கள். அதே 🙂 "நேற்று நல்லாத் தூங்கினேன்" என்பதற்குப் பின்னால் வந்தால் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். ஒரு முகம் கனிவா குளிரா என்பதை அது ஒட்டியிருக்கும் வாக்கியம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இரண்டாவது வரியில் சிக்கல் 🙃. தலைகீழ் முகத்தைப் பலரும் "சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே" என்பதற்குப் போடுகிறார்கள். நீங்களோ உண்மையைச் சொல்லிவிட்டு அதன்மேல் பொய்யின் முத்திரையைக் குத்திவிட்டீர்கள். சும்மா சொன்னதா என்று கேட்டவர் நன்றாகத்தான் படித்திருக்கிறார்.

மூன்றாவது வரி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 😈, 🔥, 😏, 💦, 🍑, 🍆 எல்லாம் டேட்டிங் செயலிக்குள் வந்துவிட்டால் உடல் சார்ந்த பேச்சுக்கான அழைப்பாகவே முதலில் படிக்கப்படும். சமையல் என்ற சொல் பக்கத்திலேயே இருந்தாலும் சரி. பட்டியலை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறவர் கண்ணில் சொல்லுக்கு முன் படம் படும். மூன்று எமோஜி வரிசையாக நின்றால் சொல் பின்னுக்குப் போய்விடும்.

உங்கள் தோழிகளுக்கு ஏன் புரிந்தது? அவர்களுக்கு உங்கள் குரல் தெரியும். அந்தக் குரலில்தான் எமோஜியைப் படிக்கிறார்கள். ப்ராம்ப்டைப் படிப்பவரிடம் அந்தக் குரல் இல்லை.

செம்பருத்தி

இது புரிகிறது. அப்படியானால் எங்கே போடலாம்? எமோஜியே வேண்டாம் என்கிறீர்களா?

தாழ்வாரம்

இல்லை, கண்டிப்பாக இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த வாக்கியத்தை எமோஜி இல்லாமல் இரண்டு விதமாகப் படிக்க முடியுமா? முடியும் என்றால், எந்த விதம் என்று சொல்லும் ஒரு முகம் அங்கே வேலை செய்யும். முடியாது என்றால் அந்த முகம் சும்மா நிற்கிறது. சும்மா நின்றால் பரவாயில்லை, பல நேரம் இல்லாத இரண்டாவது அர்த்தத்தை அதுவே கொண்டுவந்துவிடுகிறது. உங்கள் செடி வரிக்கு நடந்தது அதுதான்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முதலில் எமோஜிகளை நீக்கிவிட்டு ப்ராம்ப்டைப் படியுங்கள். சொல்ல வந்த விஷயம் முழுதாக நிற்க வேண்டும். அப்புறம் சொற்களை நீக்கிவிட்டு எமோஜிகளை மட்டும் பாருங்கள். உங்களுடையதில் மிஞ்சுவது 🙂🙃🔪🔥😈. உங்களைத் தெரியாத ஒருவர் இந்த ஐந்தை மட்டும் பார்த்து என்ன நினைப்பார்? கத்தியும் நெருப்பும் பேயும்! நீங்கள் செடியோடு பேசுகிறவர் என்பது அதில் எங்கேயும் இல்லை.

ஸ்டிக்கர்_குட்டி

எனக்கு 22 வயது, நான் எமோஜி கட்சி. தாழ்வாரம் சொல்வது சரிதான், ஆனால் ஒன்று விட்டுப்போகிறது. முகங்களில்தான் சண்டை வருகிறது. பெரும்பாலான பொருள்களில் வருவதில்லை. 🪴 போட்டால் அது செடி, வேறு அர்த்தம் தேட வேண்டியதில்லை. அதேசமயம் ☕📚✈️ போடுவது வீண். பாதிப் பேரின் ப்ரொஃபைலில் இந்த மூன்றும் இருக்கிறது, யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. உங்களுக்கே உரிய ஒரு பொருளை, அதைப் பற்றிச் சொல்லும் வாக்கியத்தின் கடைசியில் ஒரே ஒருமுறை போடுங்கள். அதுவே உங்கள் அடையாளம் ஆகிவிடும். பேச வருகிறவரும் அதையே பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

கேட்கும்_காது

எனக்குப் பார்வை மிகக் குறைவு. போனில் திரைவாசிப்பான் வைத்துத்தான் ப்ரொஃபைல்களைக் கேட்கிறேன். அது ஒவ்வொரு எமோஜியின் பெயரையும் உரக்க வாசிக்கும். எட்டு 😂 போட்டால் அந்த நீளமான பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அதற்குள் முன்னால் வந்த வாக்கியம் மறந்துவிடுகிறது.

அதைவிடக் கஷ்டம் இரண்டு. வாக்கியத்தின் நடுவில் சொல்லுக்குப் பதிலாகப் படம் போடுவது ஒன்று. "எனக்கு 🏊 பிடிக்கும், 🐈 ஆகாது" என்று எழுதினால் கேட்க ஏதோ துண்டு துண்டாக வருகிறது. இன்னொன்று, கிண்டலை முகத்தில் மட்டும் வைப்பது. எனக்கு 🙃 வந்தால் தலைகீழ் முகம் என்ற தகவல்தான் கிடைக்கிறது, தொனி கிடைப்பதில்லை. தாழ்வாரம் சொன்ன முதல் சோதனை, அதாவது எமோஜியை எடுத்த பிறகும் வாக்கியம் நிற்க வேண்டும் என்பது, என் போன்றவர்களுக்கு மிகப் பெரிய உதவி. வாக்கியத்தின் கடைசியில் ஒன்று இருந்தால் எனக்கு இடைஞ்சலே இல்லை. சொல்லப்போனால் பிடிக்கும்.

பழுப்பு_நோட்டு

திரைவாசிப்பான் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, சொன்னதற்கு நன்றி. பெயர்ப் பட்டியலை நான் அதற்காவது பார்க்கச் சொல்வேன். அங்கே பெயர்தானே நேரடியாகக் காதில் விழுகிறது.

நாற்பத்தேழு_வயது

இந்த இழையைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. என் வயது பெயரிலேயே இருக்கிறது, மணமுறிவுக்குப் பிறகு இந்தச் செயலிகளுக்குப் புதியவன். என்னைவிட வயது குறைந்த ஒரு பெண்ணோடு மேட்ச் ஆகி நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நேற்று நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். பதிலுக்கு "💀💀" என்று வந்தது. பேச்சு செத்துவிட்டது என்கிறாரா? இன்னும் பதில் அனுப்பவில்லை.

ஸ்டிக்கர்_குட்டி

சார், அது பாராட்டு! சிரித்துச் சிரித்துச் செத்தேன் என்று அர்த்தம். நாங்கள் 😂 போடுவதைவிட 💀 அல்லது 😭 தான் அதிகம் போடுவோம்.

தாழ்வாரம்

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் எமோஜியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு அடுத்து என்ன வந்தது என்று பாருங்கள். மண்டையோட்டுக்குப் பிறகு ஒரு கேள்வியோ, அந்த நகைச்சுவையைத் தொட்டு ஒரு வரியோ வந்திருந்தால் சந்தேகமே இல்லை. தனியாக நின்றால், முந்தைய பேச்சின் சூடு எப்படி இருந்தது என்று பாருங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது என்றுதான் சொல்கிறீர்கள். "சிரிப்பு வந்ததா, இல்லை தாங்க முடியவில்லையா? 😄" என்று நேராகவே கேட்டுவிடலாம். அப்படிக் கேட்பதில் ஒரு குறையும் இல்லை, அவருக்கும் உங்களைப் பற்றி ஒன்று தெரிய வரும்.

நாற்பத்தேழு_வயது

"💀💀 எங்கிருந்து பிடிக்கிறீங்க இதை" என்பதுதான் முழுச் செய்தி. நான் மண்டையோட்டைப் பார்த்ததும் மீதியைக் கவனிக்கவில்லை. இப்போது பதில் எழுதுகிறேன். நன்றி.

செம்பருத்தி

முதல் பதிலைப் பற்றியும் சொல்லுங்கள். ஒருவர் ப்ரொஃபைலில் "ஞாயிறு காலையில் என்னைப் பார்க்க வேண்டுமானால்" என்ற ப்ராம்ப்டுக்கு "பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிக்கொண்டிருப்பேன்" என்று எழுதியிருக்கிறார். ஒரு எமோஜிகூட இல்லை. எனக்கு அவரோடு பேச வேண்டும். என் மனதில் இருப்பவை:

> 😍📻🔥

> மறுபடி பூட்டிய பிறகு எத்தனை ஸ்க்ரூ மிஞ்சும் 😏

> வணக்கம், உங்கள் ப்ரொஃபைல் பிடித்திருந்தது 🙂

தாழ்வாரம்

இரண்டாவதுதான். முகத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

முதலாவதற்கு அவர் என்ன பதில் எழுத முடியும்? நன்றி என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. படத்துக்குப் பதில் சொல்வது கடினம், கேள்விக்கு எளிது. மூன்றாவது யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடியது, அவர் எழுதியதைப் படித்த தடயமே அதில் இல்லை.

இரண்டாவது வரியை எமோஜி இல்லாமல் படித்துப் பாருங்கள். "மறுபடி பூட்டிய பிறகு எத்தனை ஸ்க்ரூ மிஞ்சும்?" இது செல்லச் சீண்டலாகவும் இருக்கலாம், "உனக்கு வேலை தெரியாது" என்ற குத்தலாகவும் இருக்கலாம். ஆக இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய வரி, முகம் இங்கே தேவை. 😏 போட்டால் சீண்டல் வேறு பக்கம் சாய்கிறது, ஏதோ உள்ளர்த்தம் இருப்பதுபோல. 😂 போட்டால் நீங்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பதாகப் படலாம். 😄 திறந்த சிரிப்பு, அதில் மறைக்க எதுவும் இல்லை. அப்புறம் ஒரு நிஜமான கேள்வியும் சேர்த்துவிடுங்கள்:

> மறுபடி பூட்டிய பிறகு எத்தனை ஸ்க்ரூ மிஞ்சும் 😄 இதுவரை திரும்பப் பாடவே மாட்டேன் என்று அடம்பிடித்த பெட்டி எது?

முகம் சீண்டலின் கடைசியில் இருக்கிறது, செய்தியின் கடைசியில் இல்லை. இது முக்கியம். கடைசியில் போனால் கேள்வியையும் கிண்டலாக எடுத்துக்கொள்வார். கேள்வி உண்மையான ஆர்வம், அதை முகமில்லாமல் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, அவர் ஒரு எமோஜிகூடப் போடாதவர். அப்படிப்பட்டவருக்கு முதல் செய்தியில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அவர் பதிலில் போட ஆரம்பித்தால் நீங்களும் கூட்டிக்கொள்ளலாம்.

ஸ்டிக்கர்_குட்டி

கடைசியில் சொன்னதை நான் ஏற்கவில்லை. எதிரில் இருப்பவர் அளவுக்கு நம்மைக் குறைத்துக்கொண்டால், அவருக்குப் பிடிப்பது நான் இல்லையே? நான் நிறைய எமோஜி போடுகிறவள். முதல் நாளே அது தெரிந்தால் ஒத்துவராதவர் அன்றே விலகிவிடுவார், எனக்கும் நல்லது.

தாழ்வாரம்

அளவு உங்கள் குணம் என்றால் உங்கள் ப்ரொஃபைலில் அதைக் காட்டுங்கள், மறைக்கச் சொல்லவில்லை. முதல் செய்தியில் நான் பார்ப்பது அவருக்குப் புரிந்ததா என்பதை மட்டும். எமோஜியே போடாதவருக்கு எந்த முகத்துக்கு என்ன அர்த்தம் என்ற பழக்கம் எவ்வளவு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

ஸ்டிக்கர்_குட்டி

போடாதவர்கள் எல்லோரும் படிக்கத் தெரியாதவர்கள் இல்லையே. என் அண்ணன் ஒன்றுகூடப் போடமாட்டான், ஆனால் நான் அனுப்பும் ஒவ்வொன்றும் அவனுக்குப் புரியும்.

தாழ்வாரம்

அண்ணனுக்கு உங்கள் குரல் தெரியும். சரி, இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. செம்பருத்தியே இரண்டையும் முயன்று பார்க்கட்டும்.

கேட்கும்_காது

புதிதாக வந்த எமோஜிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 🫠, 🥹 போன்றவை 2021ல்தான் பட்டியலில் சேர்ந்தன. பல வருடமாக அப்டேட் செய்யாத போனில் அவை வெறும் கட்டமாகத் தெரியும் என்று என் தங்கை காட்டினாள். ப்ராம்ப்டில் போடுவது எத்தனையோ பேர் போனில் திறக்கும். அங்கே பழைய முகங்களே பாதுகாப்பு.

தூரத்து_மேகம்

முதலில் கேள்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டேன் செம்பருத்தி. இப்போது எனக்கும் ஒரு சந்தேகம். அனுப்பிய பிறகு தப்பாகப் புரிந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? பதில் வராவிட்டால் அதுதான் அடையாளமா?

தாழ்வாரம்

மௌனத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது மேகம். வேலை, தூக்கம், விருப்பமின்மை, எதுவாகவும் இருக்கலாம். பதில் வந்தால்தான் தெரியும். நீங்கள் சொன்ன விஷயத்தைத் தொடாமல் "ஹாஹா" மட்டும் வந்தால் அவருக்குப் பிடி கிடைக்கவில்லை என்று நினைக்கலாம். திடீரென்று மரியாதை கூடிப் பேச்சு விறைப்பானால் குத்தலாகப் பட்டிருக்கிறது. சம்பந்தமில்லாமல் பேச்சு உடல் பக்கம் திரும்பினால், நீங்கள் போட்ட படத்தைத் திரும்பிப் பாருங்கள். படத்தில் ஒன்றும் இல்லாமலே சிலர் அப்படிப் பேசுவார்கள், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

சரிசெய்ய இன்னொரு எமோஜி போடாதீர்கள், சொல்லில் சொல்லுங்கள். "சீண்டலாகத்தான் கேட்டேன், வானொலி வேலை எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம்" என்று ஒரே வரி போதும்.

செம்பருத்தி

மாற்றி எழுதிவிட்டேன்:

> பதில் போட மாலையாகிவிடும், ஆனால் யோசித்து முழுதாகப் போடுவேன். வீட்டுச் செடிகளோடு நிஜமாகவே பேசுவேன் 🪴 கோபம் வந்தால் சமையலறைக்குள் போய்விடுவேன். வெளியே வரும்போது சாப்பாடும் தயார், சமாதானமும் தயார் 😄

சொற்களை நீக்கினால் 🪴😄 மட்டும் மிஞ்சுகிறது. இது நான்தான். வானொலிக்காரருக்கும் அந்த ஸ்க்ரூ கேள்வியை அனுப்பிவிட்டேன். "மூன்று மிஞ்சும், டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன்" என்று பதில் வந்தது. எமோஜி இல்லை. அவர் சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

ஸ்டிக்கர்_குட்டி

டப்பாவில் சேர்த்து வைத்திருப்பவர் சிரிக்காமல் எப்படி? ஆனால் அந்த 🔪 போனதில் எனக்கு வருத்தம். கத்தியும் செடியும் சேர்ந்து இருந்ததுதான் உங்கள் ப்ரொஃபைலில் கண்ணை நிறுத்தியது. "சமையலறைக்குள் போய்விடுவேன் 🔪" என்று தனியாக ஒன்று வைத்திருக்கலாம்.

கேட்கும்_காது

கோபம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கத்தி என்று காதில் விழுந்தால் நான் அடுத்த ப்ரொஃபைலுக்குப் போய்விடுவேன். பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

செம்பருத்தி

கத்தி இப்போதைக்கு வேண்டாம். வானொலிக்காரரிடம் அந்த மூன்று ஸ்க்ரூவில் ஒன்றாவது எந்தப் பெட்டியுடையது என்று தெரியுமா என்று கேட்கப்போகிறேன், முகமே இல்லாமல்.